அடுக்குக்கு ஒரு படம்: முப்பரிமாண அச்சின் டைம்லாப்ஸை ஃபோனில் எடுக்கும் நான்கு வழிகளின் ஒப்பீடு

முப்பரிமாண அச்சுப்பொறி வேலை செய்வதை ஃபோனின் சாதாரண டைம்லாப்ஸ் வசதியில் பதிவு செய்தால், அச்சுத்தலை அங்குமிங்கும் துள்ளுவதும் பொருள் அமரும் தட்டான பெட் முன்னும் பின்னும் நடுங்குவதும்தான் கண்ணில் படும். பொருள் வளர்வது அந்தக் குழப்பத்தில் மறைந்துவிடும். ஒவ்வொரு அடுக்கும் முடிந்தவுடன் அச்சுத்தலையை ஓர் ஓரத்திற்கு அனுப்பி, பெட்டையும் ஒரே இடத்தில் நிறுத்தி, அந்தக் கணத்தில் ஒரு படம் மட்டும் எடுத்துக் கோத்தால், எந்தக் கையும் தொடாமல் பொருள் தானாக எழும்புவது போன்ற காட்சி கிடைக்கும். தலையை ஓரங்கட்டுவது எளிது. பொருளின் வடிவத்தை அச்சுப்பொறிக்கான கட்டளைகளாக மாற்றும் ஸ்லைசர் மென்பொருளில் சில வரிகள் சேர்த்தால் போதும். தலை நின்றுவிட்டது என்ற செய்தியை ஃபோனுக்கு யார் சொல்வது என்பதுதான் கடினமான கேள்வி. அதற்கு நடைமுறையில் இருக்கும் நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

பேச்சு காற்றில் நிற்காமலிருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். எண்டர் 3 வகையைச் சேர்ந்த, பெட் முன்பின்னாக நகரும் 220 மில்லிமீட்டர் அச்சுப்பொறி. 100 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு பூச்சாடி. அடுக்கின் தடிமன் 0.2 மில்லிமீட்டர். அப்படியானால் 500 அடுக்குகள், 500 படங்கள். நொடிக்கு 30 படம் வீதம் கோத்தால் ஏறக்குறைய 17 நொடி ஓடும் காணொளி கிடைக்கும். ஓர் அடுக்குக்கு 40 நொடி ஆகிறது என்று கொண்டால், அச்சு மட்டும் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் நடக்கும்.

முதல் வழியில் ஃபோனுக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் படமெடுக்கும் ஒரு செயலியை ஓடவிட்டு, தலை ஓரத்தில் நிற்கும் நேரத்தை அந்த இடைவெளியைவிடச் சற்று அதிகமாக வைத்துவிட்டால், அடுக்குக்கு ஒரு படமாவது தலை விலகிய நிலையில் கிடைத்தே தீரும். கம்பியும் வேண்டாம், பற்றவைப்பும் வேண்டாம். ஆனால் 2 நொடிக்கு ஒரு படம் என்று வைத்தால், நம் பூச்சாடிக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேரும். அவற்றில் வேண்டியவை 500 மட்டுமே. மீதியைக் கழித்துக் கட்டுவது மிகச் சலிப்பான வேலை. சில அடுக்குகளில் தலை நிற்கும்போது இரண்டு படங்கள் விழும். அவற்றில் ஒன்றையும் தேடி நீக்க வேண்டும். இருபது முப்பது அடுக்குகளே உள்ள சிறு பொருளுக்கு, அதுவும் ஒரே ஒரு முறை எடுத்துப் பார்ப்பதற்கு, இந்த வழி போதும். அதற்கு மேல் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடிகாரத்துக்கு அச்சுத்தலை எங்கே இருக்கிறது என்பது தெரியாது. அந்தக் குறையை வேறு எந்த அமைப்பாலும் ஈடுகட்ட முடியாது.

மீதமுள்ள மூன்று வழிகளிலும் செய்தி அச்சுப்பொறியிடமிருந்தே வருகிறது. இரண்டாவது வழி, செல்ஃபி குச்சியோடு வரும் சிறிய ப்ளூடூத் ஷட்டர் பொத்தான். ஃபோனின் பார்வையில் அது ஒரு குட்டி விசைப்பலகை. அழுத்தியதும் ஒலியைக் கூட்டும் விசை அழுத்தப்பட்டதாகவே ஃபோன் எடுத்துக்கொள்ளும், கேமரா செயலி அதைப் படமெடுக்கும் கட்டளையாக மாற்றிக்கொள்ளும். இந்தப் பொத்தானைச் சட்டத்தில் பொருத்தி, தலை வந்து நேரடியாக அதை அழுத்துமாறு அமைக்கலாம். அல்லது அதன் மூடியைத் திறந்து, பொத்தானின் இரு முனைகளில் கம்பி பற்றவைத்து, அந்தக் கம்பியை ஒரு மைக்ரோ சுவிட்சோடு இணைக்கலாம். இரண்டாவது முறையே நல்லது. அந்தப் பொத்தான்களை அழுத்தச் சற்று விசை தேவை. சுவிட்சின் நீண்ட நெம்புகோலோ மெல்லிய தொடுதலுக்கே இசைந்துவிடும். தலையை ஒரு கெட்டியான பொருளின் மீது மோதவிட்டால் மோட்டார் படி தவறும் ஆபத்து உண்டு. ஒரு முறை படி தவறினால், அதற்கு மேலுள்ள அடுக்குகள் அனைத்தும் பக்கவாட்டில் விலகி அச்சாகும்.

ப்ளூடூத் வழியின் உண்மையான பலவீனம் உறக்கம். பொத்தானுக்குள் இருப்பது ஒரு CR2032 பட்டன் பேட்டரி. அதைச் சேமிப்பதற்காக, சில நிமிடங்கள் யாரும் தொடாவிட்டால் அது இணைப்பைத் துண்டித்துத் தூங்கிவிடும். அடுத்த அழுத்தம் அதை எழுப்புவதற்கே செலவாகும், படம் விழாது. அடுக்குக்கு 40 நொடி ஆகும் நம் பூச்சாடியில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தலைகாட்டாது. ஆனால் பெட்டை நிறைக்கும் ஒரு பெரிய பெட்டிக்கு அடுக்குக்கு ஆறேழு நிமிடம் ஆகும்போது, தொடக்க அடுக்குகளே காணாமல் போகும். இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல: அச்சு முடிந்ததும் படங்களின் எண்ணிக்கையை அடுக்குகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். படங்கள் குறைவாக இருந்து, விடுபட்டவை நீண்ட நேரம் எடுத்த அடுக்குகளாகவும் இருந்தால், காரணம் உறக்கம்தான். அச்சுப்பொறிக்கான கட்டளை வரிகளான ஜி-கோடில் ஒரு முறைக்குப் பதில் இரு முறை அழுத்தச் சொல்லி முதல் அழுத்தத்தை எழுப்புவதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் விழித்திருக்கும் நேரங்களில் இரண்டு படங்கள் விழும். மீண்டும் கழித்துக் கட்டும் வேலை வந்து சேரும்.

மூன்றாவது வழி கம்பி. ஒலியைக் கூட்டும் பொத்தான் உள்ள பழைய இயர்போன் ஒன்றை எடுத்து, அந்தப் பொத்தானின் இரு முனைகளோடு மைக்ரோ சுவிட்சை இணையாகப் பற்றவைத்துவிட்டால் வேலை முடிந்தது. சுவிட்சில் மூன்று முனைகள் இருக்கும். C என்றும் NO என்றும் குறித்தவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும், NC-யைத் தொடக்கூடாது. ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கான இயர்போன்களில் ஒவ்வொரு பொத்தானும் மைக் கம்பிக்கும் தரைக் கம்பிக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட மின்தடையைச் சேர்க்கிறது. ஒலியைக் கூட்டுவதற்கு 240 ஓம், குறைப்பதற்கு 470 ஓம். எனவே இயர்போனே இல்லாமல் நான்கு முனை பிளக் ஒன்றையும் 240 ஓம் மின்தடையையும் கொண்டும் இதைச் செய்யலாம். ஆனால் மறுமுனையில் மைக் இருப்பதாக ஃபோன் உணர்ந்தால்தான் பொத்தான்களைக் கவனிக்கும்; ஆகவே மைக்கோடு கூடிய பழைய இயர்போனை அப்படியே பயன்படுத்துவதுதான் தொல்லையில்லாதது. ஐஃபோனில் இந்த மின்தடைக் கணக்கு செல்லாது, ஆப்பிள் இயர்போனுக்குள் தனிச் சில்லு ஒன்று சமிக்ஞை அனுப்புகிறது. ஆனாலும் அந்த இயர்போனின் பொத்தான் முனைகளிலேயே சுவிட்சை இணைத்தால் சில்லு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இயர்போன் துளை இல்லாத ஃபோனுக்கு ஒரு மாற்றி தேவைப்படும். எல்லா மாற்றிகளும் பொத்தான் சமிக்ஞையைக் கடத்துவதில்லை. அதனால் எதையும் வெட்டுவதற்கு முன்பு, மாற்றியில் இயர்போனைச் செருகி, கேமராவைத் திறந்து, ஒலியைக் கூட்டும் பொத்தானைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். படம் விழுந்தால் மேலே செல்லலாம். விழாவிட்டால் முதலில் கேமரா செயலியின் அமைப்புகளில் ஒலி விசைக்கு எந்த வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கு சரியாக இருந்தும் விழாவிட்டால் மாற்றியை மாற்ற வேண்டியதுதான். மாற்றி ஒரே துளையைப் பிடித்துக்கொண்டால் மின்னேற்றம் எப்படி என்ற கேள்வியும் எழும்; கம்பியில்லா மின்னேற்றம் உள்ள ஃபோனுக்கு அது தடையில்லை, இல்லாத ஃபோனுக்கு இந்த வழி சில மணி நேர அச்சுகளோடு நின்றுவிடும்.

இந்த வழியை நான் முதலிடத்தில் வைப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தூங்கிப்போகும் பேட்டரி எதுவும் இதில் இல்லை. அடுக்குக்கு ஒரு நிமிடமானாலும் இருபது நிமிடமானாலும் அழுத்தினால் படம் விழும். அதைவிட முக்கியமாக, அச்சுப்பொறிக்கும் ஃபோனுக்கும் மின்தொடர்பே இல்லை. சுவிட்ச் ஃபோனின் கம்பிகளை மட்டுமே இணைக்கிறது. தலை அதைத் தொடுகிறது, அவ்வளவுதான். அச்சுப்பொறியின் பலகையில் எதையும் செருகாததால், ஃபோனோ பலகையோ கெட்டுப்போகும் பயமில்லை. எந்த நிறுவனத்தின் அச்சுப்பொறியாக இருந்தாலும், மெமரி கார்டிலிருந்து அச்சிட்டாலும், இது ஒன்றுபோல் வேலை செய்யும்.

சுவிட்சைப் பொருத்தும் இடம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எண்டர் 3-இல் தலையின் இடவல நகர்வான எக்ஸ் அச்சின் தொடக்க நிலையை உணரும் சுவிட்ச் இடது ஓரத்தில் இருப்பதால், நம் சுவிட்ச் வலது ஓரத்தில் நிற்பது நல்லது. அதை எக்ஸ் தண்டிலேயே பொருத்த வேண்டும். சட்டத்தின் நிலைத் தூணில் பொருத்தினால், அடுக்குகள் உயர உயரத் தலை அதைத் தாண்டி மேலே போய்விடும். தலை தன் பயண எல்லையை எட்டுவதற்கு 2 மில்லிமீட்டர் முன்பே சுவிட்ச் கிளிக் என்று ஒலிக்க வேண்டும். அந்த 2 மில்லிமீட்டர் நெம்புகோல் வளைவதற்கான இடம்.

பிரூசாஸ்லைசரில் பிரிண்டர் அமைப்புகளின் கீழ் After layer change G-code என்ற பெட்டியில் பின்வரும் வரிகளைச் சேர்க்கலாம். X215 என்பது சுவிட்ச் அழுத்தப்படும் இடம். அவரவர் அச்சுப்பொறிக்கு அளந்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

```
G1 X205 Y200 F9000
M400
G4 P300
G1 X215 F1500
M400
G4 P200
G1 X205 F3000
M400
G4 P1000
```

முதல் வரி தலையைச் சுவிட்சுக்கு அருகிலும் பெட்டை முன்புறமாகவும் கொண்டுவருகிறது; Y மதிப்பு எப்போதும் ஒன்றாக இருப்பதால்தான் காணொளியில் பொருள் ஆடாமல் நிற்கிறது. `M400` என்பது வரிசையில் காத்திருக்கும் அசைவுகள் எல்லாம் முடியும் வரை பொறுக்கச் சொல்கிறது. 300 மில்லி நொடி ஓய்வில் பெட்டின் அதிர்வு அடங்குகிறது. பிறகு தலை மெதுவாகச் சென்று சுவிட்சை அழுத்தி, 200 மில்லி நொடி மட்டும் வைத்திருந்து, விலகிக்கொண்டு, ஃபோன் படமெடுத்து முடிக்க ஒரு நொடி காத்திருக்கிறது. அழுத்தியபடியே அந்த ஒரு நொடியும் காத்திருந்தால் என்ன என்று தோன்றலாம். பல கேமரா செயலிகள் நீண்ட அழுத்தத்தைத் தொடர்படம் எடுக்கும் கட்டளையாகவோ காணொளி தொடங்கும் கட்டளையாகவோ எடுத்துக்கொள்ளும். ஒரே அடுக்குக்குப் பத்துப் படங்கள் விழுந்திருந்தால் அல்லது படங்களுக்கு நடுவே சிறு காணொளிகள் கிடந்தால், சுவிட்ச் நீண்ட நேரம் அழுந்தியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். படம் விழும் கணத்தில் தலை இந்த இரண்டு இடங்களில் எதிலும் இருக்கலாம் என்பதால், காட்சிச் சட்டத்துக்கு வெளியே தலை நிற்குமாறு ஃபோனை வைப்பது அவசியம்.

ரிட்ராக்ஷனுக்கு இங்கே தனி வரி இல்லாததற்குக் காரணம் உண்டு. பிரூசாஸ்லைசரில் அடுக்கு மாறும்போது ஃபிலமென்டைப் பின்னிழுக்கும் தேர்வை இயக்கி வைத்திருந்தால், ஸ்லைசரே பின்னிழுத்து, தலையை அடுத்த அடுக்கின் உயரத்துக்குத் தூக்கிய பிறகுதான் இந்த வரிகள் ஓடும். திரும்பி வந்ததும் அதுவே மீண்டும் முன்தள்ளும். அந்தத் தேர்வு அணைந்திருந்தால் ஓரத்துக்குப் போகும் வழியெல்லாம் பிளாஸ்டிக் ஒழுகும். முதல் முறை அச்சிடும் முன் ஜி-கோட் கோப்பைத் திறந்து, நம் வரிகளுக்கு அடுத்த நகர்வில் X, Y இரண்டும் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது நல்லது. தலை நகர்ந்தது ஸ்லைசருக்குத் தெரியாதல்லவா? குராவில் வேலை இன்னும் சுலபம்: Extensions பட்டியலில் Post Processing வழியாக Time Lapse என்ற ஆயத்த நிரல் கிடைக்கிறது, ஓரங்கட்டும் இடம், காத்திருக்கும் நேரம், பின்னிழுக்கும் நீளம் ஆகியவற்றை அதில் நிரப்பினால் போதும்.

நான்காவது வழியில் பொத்தானே இல்லை. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் அச்சுப்பொறியை இயக்கும் ஆக்டோபிரிண்ட் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால், அதன் ஆக்டோலாப்ஸ் செருகுநிரல் தலையை ஓரங்கட்டி, வலையமைப்பு வழியாகக் கேமராவிடமிருந்து ஒரு படத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். அச்சுப்பொறியில் கிளிப்பர் ஃபர்ம்வேர் வைத்திருப்பவர்களுக்கு மூன்ரேக்கர் டைம்லாப்ஸ் அதே வேலையைச் செய்யும், ஸ்லைசரில் `TIMELAPSE_TAKE_FRAME` என்ற ஒரு வரி சேர்த்தால் போதும். ஆண்ட்ராய்டு ஃபோனில் ஐபி வெப்கேம் செயலியை நிறுவினால், ஃபோன் ஒரு வலையமைப்புக் கேமராவாக மாறி, 8080 துறையில் `/shot.jpg` என்ற முகவரியில் அப்போதைய காட்சியைக் கொடுக்கும். `/photo.jpg` என்று கேட்டால் முழுத் தெளிவுடைய படம் வரும், ஆனால் தாமதமாக வரும்.

இந்த வழியின் பெரிய பலம், அச்சின் தரத்தை அது மதிப்பதுதான். ஒவ்வொரு அடுக்கிலும் தலை போய்வருவதால் திரும்பும் இடத்தில் ஒரு சிறு குமிழ் உருவாகக்கூடும். பெட்ஜி போன்ற ஒழுகும் பிளாஸ்டிக்கில் இழைகளும் தொங்கும். ஆக்டோலாப்ஸ் ஜி-கோடை முன்கூட்டியே படித்து, எந்த இடத்திலிருந்து விலகினால் பொருளில் தழும்பு குறையும் என்று தேர்ந்தெடுக்க முயல்கிறது. ஸ்லைசரில் நாம் கையால் சேர்க்கும் வரிகளுக்கு அந்த அறிவு கிடையாது. முடிவில் காணொளியையும் மென்பொருளே கோத்துக் கொடுத்துவிடும். மாறாக, ஆக்டோலாப்ஸுக்கு ஜி-கோட் ஆக்டோபிரிண்ட் வழியாகவே ஓட வேண்டும்; அச்சுப்பொறியின் கார்டிலிருந்து அச்சிட்டால் அதற்கு அடுக்கு மாறுவதே தெரியாது.

இதில் அடிக்கடி நேரும் பிழை தாமதம். ஃபோனில் காட்சி பிடிக்கப்பட்டு, சுருக்கப்பட்டு, வைஃபை வழியாக வந்து சேர்வதற்குள் அரை நொடி போய்விடலாம். அப்படியானால் நமக்குக் கிடைப்பது தலை ஓரத்தில் நின்ற படமல்ல. ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்த படம். காணொளியில் தலை மங்கலாகத் தோன்றித் தோன்றி மறைந்தால், இதுதான் காரணம். ஆக்டோலாப்ஸின் கேமரா அமைப்பில் படமெடுப்பதற்கு முந்தைய தாமதத்தை ஒரு நொடி வரை உயர்த்திப் பார்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் வைஃபை இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் நேரச் செலவு உண்டு. நம் பூச்சாடியில் தலை பெட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக ஒரு நொடிக்குச் சற்று அதிகம், திரும்பி வர அதே அளவு, நடுவில் அழுத்தமும் காத்திருப்பும் ஏறக்குறைய இரண்டு நொடி. மொத்தம் அடுக்குக்கு நான்கரை நொடி. 500 அடுக்குக்குச் சுமார் 38 நிமிடம் கூடும். ஐந்தரை மணி நேர வேலையில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. ஆனால் அடுக்குக்கு 8 நொடி மட்டுமே ஆகும் மெல்லிய கோபுரம் ஒன்றில் அச்சு நேரம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். அத்தகைய பொருளில் இரண்டு அடுக்குக்கு ஒரு படம் எடுத்தாலே போதும், தழும்புகளும் பாதியாகும்.

ஃபோன் அமைப்பு நான்கு வழிகளுக்கும் பொது. தானியங்கிக் குவியமும் வெளிச்ச அளவும் ஒவ்வொரு படத்துக்கும் மாறினால் காணொளி மினுமினுக்கும். கையேட்டு முறையில் குவியம், ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம், வெள்ளைச் சமநிலை நான்கையும் பூட்டிவிட வேண்டும். எச்டிஆர், இரவு முறை, ஃபிளாஷ் ஆகியவற்றை அணைக்க வேண்டும். நம் ஊர்களில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் மலிவான எல்இடி விளக்கின் கீழ் படங்களில் பட்டை விழாது. ஜன்னலை மூடி, விளக்கொளியில் மட்டும் எடுப்பது நல்லது. காலையில் தொடங்கிய அச்சு மாலையில் முடியும்போது சூரியன் வேறிடத்தில் இருக்கும். அழைப்பு வந்தால் கேமரா செயலி பின்னுக்குப் போய்விடும், அடுத்த அழுத்தம் அழைப்பு மணியின் ஒலியைத்தான் மாற்றும். எனவே விமான முறை கட்டாயம், ப்ளூடூத் அல்லது வைஃபை வேண்டுமானால் அதை மட்டும் பிறகு இயக்கிக்கொள்ளலாம். திரை அணையாமலிருக்கவும் ஏற்பாடு வேண்டும்.

ஆக, ஆக்டோபிரிண்ட் அல்லது கிளிப்பர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர் நான்காவது வழியையே எடுத்துக்கொள்ளலாம்; அதற்காக மட்டும் ராஸ்பெர்ரி பை வாங்கத் தேவையில்லை. பற்றவைக்கும் கோலைப் பிடிக்கத் தெரிந்த மற்ற எவருக்கும் கம்பி வழியே சிறந்தது. ப்ளூடூத் பொத்தானைத் தேர்வது, மாற்றி ஒத்துழைக்காத ஃபோனாகவும் அடுக்குகள் விரைவாக முடியும் பொருளாகவும் இருந்தால் மட்டும் சரி.

முதல் மூன்று வழிகளில் படங்களை நாமே கோக்க வேண்டும். எல்லாவற்றையும் கணினியில் ஒரே கோப்புறைக்கு நகலெடுத்து, லினக்ஸ் அல்லது மேக்கில் இந்தக் கட்டளையை ஓட்டினால் காணொளி தயாராகிவிடும்:

```
ffmpeg -framerate 30 -pattern_type glob -i '*.jpg' -vf scale=1920:-2 -c:v libx264 -pix_fmt yuv420p out.mp4
```

விண்டோஸில் `glob` வேலை செய்யாது, படங்களுக்கு 0001.jpg என்பது போல வரிசை எண் கொடுத்து, `-pattern_type glob -i '*.jpg'` என்ற இடத்தில் `-i %04d.jpg` என்று எழுத வேண்டும். கோப்புப் பெயர்களின் வரிசைதான் காணொளியின் வரிசை என்பதால், ஃபோன் நேரத்தைக் கொண்டு பெயர் வைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.